புதுப்பிப்பு: விடுதிச் சாப்பாடும் கிரியேட்டினும்

“விடுதியில் இறைச்சி கிடையாது, புரதமும் குறைவு. கிரியேட்டின் அதை ஈடுகட்டுமா?”

என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. புரதத்தை ஈடுகட்டாது, அதற்கு இப்போது தனியாகப் பால்மா குடிக்கிறேன்.

“தினமும் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் போதும்” என்ற அக்காவின் யோசனைதான் பலித்தது. இறைச்சி உண்ணாதவர் தசையில் கிரியேட்டின் இருப்பு குறைவு என்பதால் பலன் நன்றாகவே தெரிகிறது. தினமும் 20 கிராமில் தொடங்கச் சொன்ன நண்பர் பாதி சரி: தசை சீக்கிரம் நிரம்பும், ஆனால் அப்படித் தொடங்கிய அறைத்தோழருக்கு வயிறு கலங்கிவிட்டது. கிரியேட்டினால் முடி உதிருமா என்ற சண்டையை நீங்களே தொடருங்கள்.

எதிர்பாராதது ஒன்று: ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் சற்று உயர்ந்திருந்தது. கிரியேட்டின் சிதைந்து உருவாவதுதான் அது. கிரியேட்டின் சாப்பிடுவதைச் சொன்னதும் மருத்துவர் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி பார்த்தார். சிறுநீரகம் இயல்பாகவே இருக்கிறது.