150Ah C20-க்குப் பதிலா 150Ah C10 வாங்கலாமா?

வணக்கம் நண்பர்களே. போட்டோவில் இருப்பது எங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி. லேபிளில் 12V 150Ah @C20 என்று இருக்கு. இப்போ அரை மணி நேரம்கூடத் தாங்கல, மாத்தணும்.

12V விஷயத்தில் குழப்பமில்லை. இன்வெர்ட்டர் 12 வோல்ட்டுக்கானது, பேட்டரியும் அதேதான் வேணும். குழப்பமெல்லாம் C20-ல்தான். 20 மணி நேரத்தில் மெதுவா இறக்கினால்தான் 150 கிடைக்குமாம், அதாவது 7.5 ஆம்பியர் வீதம். எங்க வீட்டு ஃபேன், லைட், டிவி சேர்த்து 300 வாட். 12-ஆல் வகுத்தால் 25 ஆம்பியர், இன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் 30 பக்கம் வருது. அவ்வளவு வேகமா இழுத்தால் 150 முழுசா கிடைக்காது, 5 மணி நேரம் என்பது காகிதக் கணக்குதான்.

கடைக்காரர் இரண்டு காட்டுறார்: 150Ah C10, 200Ah C20. முதலாவது 15 ஆம்பியர் வீதம் இழுத்தாலே 150 தருவதால், எண் ஒண்ணா இருந்தாலும் பழசைவிடப் பெரிசுன்னு புரியுது. 200-ஐ எடுக்கத் தயக்கம், ஏன்னா இன்வெர்ட்டரின் சார்ஜிங் கரன்ட் 15 ஆம்பியர்தான். பத்தில் ஒரு பங்கு கணக்குப்படி அதுக்கு 20 வேணும். எங்க ஊரில் பகலில் பலமுறை கரன்ட் போகும், முழுசா ஏறாமலே கிடந்தால் தட்டில் சல்பேட் படியுமே?

15 ஆம்பியர் சார்ஜரில் 200Ah ஓட்டுறவங்க இருந்தால் சொல்லுங்க, எவ்வளவு நேரத்தில் நிறையுது?