பக்கத்து வீட்டு மரம் கார்மேல் விழுந்தால் காசு யார் தருவது?

"காற்றில் மரம் விழுந்தால் அது இயற்கைச் சீற்றம். மரத்துக்காரர் ஒரு பைசா தர வேண்டியதில்லை. சட்டமே அப்படித்தான்." (கூரைக்காகம்)

மடிப்பாக்கத்தான்: படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு மயிற்கொன்றை அடியோடு சாய்ந்து என் காரின் கூரையை நசுக்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் 1,40,000 ரூபாய் எஸ்டிமேட். மரத்தடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருப்பதை ஜூனிலேயே படம் எடுத்து, "சார், மரத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று அவருக்கு வாட்ஸாப் அனுப்பினேன். நீல டிக்கும் விழுந்தது. விழுந்தது அக்டோபரில். இதுவும் இயற்கைச் சீற்றமா?

கூரைக்காகம்: காற்று அடித்ததா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

மடிப்பாக்கத்தான்: அடித்தது. ஆனால் தெருவில் மற்ற மரமெல்லாம் நின்றனவே.

கூரைக்காகம்: அடித்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். முடிந்தது கதை. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது எங்கள் வேம்பு எதிர்வீட்டு வண்டிமேல் விழுந்தது. யார் வந்து காசு கேட்டார்கள்?

சர்வேயர் ராஜி: வர்தாவையும் சாதாரண மழைக்காலக் காற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். யாரும் எதிர்பார்த்துத் தடுத்திருக்க முடியாத காற்று என்றால்தான் அந்த வாதம் நிற்கும். அன்றைய வேகம் மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவாகியிருக்கும், கேட்டு வாங்கலாம்.

அதே சமயம், மரம் அவருடையது என்பதால் மட்டும் பணம் வந்துவிடாது, மடிப்பாக்கத்தான். மரம் கெட்டுப்போனது அவருக்குத் தெரிந்திருந்தது, அல்லது வெளியிலிருந்து பார்த்தாலே தெரிந்திருக்கும் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். டெல்லியில் பட்டுப்போன மரத்தின் கிளை விழுந்து ஸ்கூட்டரில் போனவர் இறந்த வழக்கில், 1999இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைத்தான் பொறுப்பாக்கியது. மரம் பட்டது கண்ணுக்குத் தெரிந்தது, அதுதான் காரணம். 1926இல் இங்கிலாந்தில் ஒரு கிளை பஸ்மேல் முறிந்து விழுந்தது. வெடிப்பு வெளியே தெரியாமல் இருந்ததால் நிலத்துக்காரர் தப்பித்தார். அடியில் காளான் என்றால் உள்ளே அழுகல் என்று அர்த்தம். உங்கள் வழக்கே அந்த ஜூன் படம்தான்.

கூரைக்காகம்: நீல டிக்கெல்லாம் நோட்டீஸ் ஆகுமா? பதிவுத் தபாலில் அனுப்பினாரா?

சர்வேயர் ராஜி: தபாலில்தான் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. ஆனால் வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றோடு கொடுக்க வேண்டும், போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

கூரைக்காகம்: நீல டிக் நோட்டீஸ் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், இல்லை.

திருவான்மியூர் தாத்தா: என் வண்டிமேல் விழுந்தது மாநகராட்சி மரம். வார்டு ஆபீஸுக்கும் மண்டல ஆபீஸுக்கும் நடந்தே செருப்பு தேய்ந்தது. மாநகராட்சியை விட்டுவிடாதீர்கள்.

மடிப்பாக்கத்தான்: ஐயா, இது வீட்டுக் காம்பவுண்டுக்குள் இருந்த மரம்.

வழக்குப்பித்தன்: ஜூனிலேயே வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்திருக்க வேண்டும். விழுகிற நிலையில் உள்ள மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். 152. மனு போடாதவருக்கு இழப்பீடு கேட்க உரிமையே கிடையாது.

சர்வேயர் ராஜி: முதல் பாதி சரி. கடைசி வரி உங்கள் சொந்தச் சட்டம். மடிப்பாக்கத்தான், அடிமரத்தின் வெட்டுமுகத்தைப் படம் எடுத்தீர்களா? மாநகராட்சி ஆள்கள் அறுத்து லாரியில் ஏற்றிவிட்டால் அழுகலுக்குச் சாட்சியே இல்லாமல் போய்விடும்.

மடிப்பாக்கத்தான்: வேர்ப்பக்கம் மட்டும் எடுத்தேன். உள்ளே கறுத்து, பஞ்சு மாதிரி இருந்தது. முழு இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆனால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமே என்று இன்னும் போடவில்லை.

சர்வேயர் ராஜி: உடனே தெரிவியுங்கள், ஏற்கெனவே தாமதம். பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி கழிப்பார்கள், தகரத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, 1,500 சிசிக்குள் என்றால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். 1,05,000 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 35,000மும் போன போனஸும்தான் நீங்கள் பக்கத்து வீட்டில் கேட்கக்கூடியவை. கொடுத்த 1,05,000ஐ அவரிடம் வசூலிக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. அதனால் பத்தாயிரத்தை வாங்கிக்கொண்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அவருக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், கம்பெனி கிளெய்மை மறுக்கலாம்.

கூரைக்காகம்: ஆக, கம்பெனி கொடுத்த பிறகும் பாவப்பட்ட மரத்துக்காரரைத் துரத்த வேண்டும். வெயிலில் நிழலுக்கு அங்கேதானே நிறுத்தினீர்கள்? அப்போது மரம் இனித்ததா?

மடிப்பாக்கத்தான்: என் கேட் முன்னால் நிறுத்தினேன். நிழல் தானாக வந்தது.

கூரைக்காகம்: சாலையில் நிறுத்துகிறவர் சட்டம் பேசுகிறார்.

வழக்குப்பித்தன்: காகம், போன மாதம் போர்வெல் விஷயத்திலும் நீங்கள் இதே மாதிரிதான் பேசினீர்கள்.

கூரைக்காகம்: போர்வெல்லில் நான் சொன்னதுதான் நடந்தது. எடுத்துக் காட்டட்டுமா?

சர்வேயர் ராஜி: போர்வெல்லை வேறு இழையில் தோண்டுங்கள். காகம், காளானுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கூரைக்காகம்: காற்று அடித்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். மேலே போய்ப் படியுங்கள்.