சிங்களத்தில் டைப் செய்ய வருகிறது, பஸ் பலகையை வாசிக்க வரவில்லை

உவர்மலை_அக்கா
கந்தோர் வேலைக்காக மூன்று மாதமாகச் சிங்களம் படிக்கிறேன். போனில் ஒலிப்படி டைப் செய்யும் கீபோர்ட் வைத்திருக்கிறேன். ஆங்கில எழுத்தில் அடித்தால் மேலே சிங்களச் சொல் வரும், அதைத் தட்டிவிடுவேன். கூட வேலை செய்கிறவர்களுக்குப் பிழையில்லாமல் செய்தி போகிறது. ஆனால் திருகோணமலை பஸ் நிலையத்தில் நின்றால் பலகை ஓடுவதில்லை. தாளில் எழுதச் சொன்னால் பாதி எழுத்து மறந்துபோகிறது. கீபோர்ட்டை மாற்ற வேண்டுமா?

கிண்ணியா_99
மாற்றுங்கள் அக்கா. ஒலிப்படி அடிப்பது சோம்பேறி வழி. விஜேசேகர முறைக்குப் போனால் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம். ව ஒரு விரலில், ච வேறு விரலில். விரல் பழகினால் கண்ணும் பழகிவிடும்.

மூதூர்_ராசா
எழுத்து ஓடவில்லை என்றால் ஃபான்ட் பிரச்சினைதான். எனக்கு வந்த ஒரு கடிதத்தில் "ஸ்ரீ லங்கா" என்று இருக்க வேண்டிய இடத்தில் `Y%S ,xld` என்று இருந்தது! பழைய ஃபான்டைப் போட்டதும் சரியாகிவிட்டது.

உவர்மலை_அக்கா
தம்பி, நான் சொல்வது பெயின்ட் அடித்த பலகை. அதற்கு எந்த ஃபான்டைப் போடுவது?

பழைய_தட்டெழுத்தர்
தங்கச்சி, கீபோர்ட்டில் பிழையில்லை, மேலே வரும் அந்தப் பரிந்துரை வரிசையில்தான் பிழை. நீங்கள் `habarana` என்று அடிக்கிறீர்கள், அது හබරණ என்று கொடுக்கிறது. கடைசி எழுத்து ණ என்பதை நீங்கள் ஒருநாளும் முடிவு செய்யவில்லை. கண்டால் சரி என்று தெரியும், தானாக நினைவில் எடுக்க வராது. சிங்களத்தில் ණ, න இரண்டும் ஒரே ஒலி. ළ, ල என்பதும் அப்படித்தான். தமிழில் காது காட்டிக்கொடுக்கும், இங்கே காதை நம்பினால் மோசம்போவீர்கள். மல என்று கேட்டால் பூவா, செத்ததா? මල என்றால் பூ, මළ என்றால் இறந்த. சொல்லோடு சேர்த்துத்தான் பாடமாக்க வேண்டும்.

ஆகவே கீபோர்ட் அப்படியே இருக்கட்டும், செட்டிங்கில் பரிந்துரையை மட்டும் நிறுத்துங்கள். ஒலிப்படி கீபோர்ட்டுகள் பலவற்றில் சிறிய `n` அடித்தால் න, பெரிய `N` அடித்தால் ණ. இனி எது என்று நீங்களே யோசிக்க வேண்டிவரும். பஸ் பலகையில் ஒரு பெயரைப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு டைப் செய்யுங்கள், அப்புறம் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை வந்தால் அந்த ஒரு எழுத்தைத் திருத்திவிட்டுப் போகாதீர்கள். முழுச் சொல்லையும் அழித்து மறுநாள் பாராமல் அடியுங்கள்.

இன்னொன்று. நம் ஊர்ப் பெயரையே வாசிக்கச் சிரமமாக இருக்குமே? ත්‍රිකුණාමලය என்பதன் முதல் எழுத்தில் ර ஒளிந்திருக்கிறது. கூட்டெழுத்தில் அது தன் உருவத்தை விட்டு, ත-வின் அடியில் ஒரு வளைவாக மாறிவிடும்.

```
ත + ් + U+200D + ර + ි  =  ත්‍රි
ත + ් + ර + ි           =  ත්රි
```

முதலாவதை அடித்துவிட்டு பேக்ஸ்பேஸை மெதுவாக ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். முதலில் இகரக் குறி போகும், அப்புறம் அடி வளைவு போகும். அடுத்த அழுத்தலில் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். U+200D என்ற கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி போவது அப்போதுதான். சில கீபோர்ட்டுகள் முழுவதையும் ஒரேயடியாக அழித்துவிடும், அதில் இது பலிக்காது.

கிண்ணியா_99
அப்படியென்றால் விஜேசேகர வேண்டாமா?

பழைய_தட்டெழுத்தர்
நாள் முழுக்கச் சிங்களக் கடிதம் அடிக்கிறவருக்கு வேண்டும். எழுத்தே இப்போதுதான் பழகுகிறவர் விசை தேடுவதிலேயே களைத்துவிடுவார். அதிலும் ෙ என்ற கொம்புக் குறி வேறு இருக்கிறது. சில கீபோர்ட்டில் அதை மெய்க்கு முன்னால் அடிக்க வேண்டும், சிலதில் பின்னால். மாறி அடித்தால் புள்ளி வட்டம் வந்து நிற்கும், அதுதான் அடையாளம்.

உவர்மலை_அக்கா
இரண்டு கிழமை ஆகிறது. முதல் நாள் ஐந்து பெயரில் நான்கு பிழை. කන්තලේ மட்டும் தப்பியது, அதுவும் நம் கந்தளாய் என்பதால். இப்போது හබරණ வருகிறது, பலகையில் அடி வளைவைக் கண்டால் உள்ளே ර என்று தெரிகிறது. ළ மட்டும் இன்னும் குருட்டுப் போக்குத்தான். தாளில் எழுதும்போது எந்த எழுத்து என்று தெரிகிறது, ஆனால் ණ-வை எங்கே தொடங்கிச் சுழிப்பது என்று கை நிற்கிறது.

பழைய_தட்டெழுத்தர்
டைப் செய்வது எழுத்துக்கூட்டலைப் பழக்கும், சுழியைப் பழக்காது. கை எழுதித்தான் பழக வேண்டும். அடித்துப் பார்த்த அதே ஐந்து பெயரையும் அன்றைக்கே கொப்பியில் எழுதுங்கள்.

கிண்ணியா_99
எனக்கு எழுதாமலே வந்தது. ஆளுக்கு ஆள் வேறு போல.

மூதூர்_ராசா
அந்தப் பழைய ஃபான்ட் கடிதத்தை யூனிகோடுக்கு மாற்ற யாருக்காவது வழி தெரியுமா?