பாக்ஸில் ஒரு எண், ஷூவில் வேறு எண்

ரப்பர்சோல்
போன ஞாயிற்றுக்கிழமை அண்ணா நகரில் ஒருவரிடம் நைக்கி ஜோர்டன் 1 ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ ஷூ வாங்கலாமா என்று பார்க்கப் போனேன், யூ.எஸ். 9. இரண்டே தடவைதான் போட்டாராம். மூடி ஒரு நிறம், பெட்டி ஒரு நிறம், உள்ளே பழைய பில் மாதிரி ஒரு தாள், கணுக்கால் பக்கம் வெடிப்பு விட்ட தோல். 2022 நவம்பரில் வந்தபோதே இந்த மாடல் இப்படித்தான் வந்தது. அதனால் அங்கே சந்தேகம் இல்லை.

பெட்டி லேபிளில் மாடல் எண் DZ5485-612. ஷூவுக்குள் இருந்த சைஸ் டேகிலும் அதே. யூ.கே. 8, ஐரோப்பிய அளவு 42.5, 27 செ.மீ., எல்லாம் சரி. பணம் எடுக்கப் போய்விட்டேன். அப்புறம் ஏதோ தோன்றி, பார்கோடுக்குக் கீழே இருக்கும் எண்ணைத் தம்பியை வாசிக்கச் சொல்லி, டேகில் இருந்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். கடைசி மூன்று எண்கள் ஒத்துப்போகவில்லை.

“கடையில் பாக்ஸ் மாறியிருக்கும் ப்ரோ” என்றார். சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நான் அவசரப்பட்டேனா?

பெட்டிக்கடை
இல்லை தம்பி. அந்த எண் ஒவ்வொரு அளவுக்கும் தனி. அதே மாடல், அதே நிறம் என்றாலும் 9க்கு ஒன்று, 9.5க்கு வேறு. கடையில் பாக்ஸ் மாறுவது உண்டுதான். ஆனால் அப்படி மாறினால் பாக்ஸில் வேறு அளவு இருக்கும். உங்களுக்கு இரண்டிலும் 9, எண் மட்டும் வேறு. என் கைக்கு வந்த ஃபர்ஸ்ட் காப்பிகளில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்: டேக் அச்சடிக்கும்போது அளவு வரியை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை அப்படியே விட்டுவிடுவார்கள். முன்னால் பூஜ்யங்கள் கூடக் குறைய இருந்தால் மட்டும் கண்டுகொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். எண் பொருந்தாவிட்டால் சந்தேகப்படலாம், பொருந்திவிட்டால் அசல் என்று சொல்ல முடியாது. நல்ல காப்பிக்காரன் அசல் ஜோடியைப் பார்த்தே எழுதுவான். அசல் பாக்ஸில் காப்பி ஷூவை வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

வேகநடை
இவ்வளவு எதற்கு? டேகில் ‘மேட் இன் இந்தியா’ என்று இருந்தால் காப்பி. நான் அதை மட்டும்தான் பார்ப்பேன். கோடு தப்பிய தையல் இருந்தாலும் காப்பிதான்.

செய்யாறு_மலர்
அண்ணா, எங்கள் ஊர் சிப்காட்டில் நைக்கிக்கு ஷூ தைக்கிறார்கள். என் அக்கா அங்கே நான்கு வருஷம் தையல் லைனில் இருந்தாள். இந்தியா, வியட்நாம், இந்தோனேசியா, சீனா எல்லா இடத்திலும் அசல் வருகிறது. நாட்டின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தையல் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. ஆனால் வெளியே தெரிகிற கோடு கொஞ்சம் கோணினால் அது அசலிலும் நடக்கும். அக்கா பார்க்கச் சொல்வது இன்சோலுக்குக் கீழே. அங்கே ஒரு துணி, மேல் பாகத்தின் விளிம்போடு சுற்றிலும் தைத்திருக்கும். நேராக ஓடும் பக்கங்களில் யாரும் நன்றாகத் தைப்பார்கள். விரல் நுனி வளைவில்தான் கை தெரியும். இரண்டு விளிம்பையும் ஒரே வேகத்தில் தள்ளிக்கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஓரிடத்தில் தையல் அகலும், அடுத்த இடத்தில் நெருங்கும், துணி சின்னதாக மடிந்து உள்ளே போய்விடும். இடது, வலது இரண்டையும் பக்கத்தில் வைத்து அந்த வளைவை மட்டும் பாருங்கள். தொங்குகிற நூல், பசைக்கறை இதெல்லாம் அசலிலும் இருக்கும்.

வேகநடை
சரிம்மா, நாடு விஷயத்தில் என் மேல்தான் தப்பு. ஆனால் இன்சோலைத் தூக்க யார் விடுகிறார்கள்?

கோவை_சுரு
எனக்கும் இதே பிரச்சினை! என் டேகில் யூ.எஸ். 9, ஆனால் யூ.கே. 6.5, 26 செ.மீ. ஏமாந்துவிட்டேனா?

பெட்டிக்கடை
9க்கு முன்னால் டபிள்யூ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பெண்கள் அளவு, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆண்கள் 9 என்றால் யூ.கே. 8 வர வேண்டும்.

கோவை_சுரு
இருக்கிறது. அதனால்தான் விரல் இடிக்கிறது போல.

ரப்பர்சோல்
மலர் சொன்னதைப் படித்துவிட்டு அந்த அண்ணா நகர்க்காரருக்கு ஃபோன் செய்தேன். இன்சோலைத் தூக்கி விரல் வளைவைப் படம் எடுத்து அனுப்புங்கள், சரியாக இருந்தால் மறுபடி பேசலாம் என்றேன். தூக்கினால் பசை விட்டுவிடும் என்கிறார். இரண்டு தடவை போட்ட ஷூவில் அப்படி ஆகுமா?

பெட்டிக்கடை
சிலவற்றில் லேசாக ஒட்டியிருக்கும், ஓரத்தை மெல்லத் தூக்கினால் வந்துவிடும். திரும்ப அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். ஆனாலும் அடுத்தவர் பொருள், பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அதை மட்டும் வைத்து அவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். எண் ஏன் வேறு என்பதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை.

செய்யாறு_மலர்
இன்சோலின் முன் ஓரத்தை மட்டும் தூக்கிப் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள் அண்ணா. வந்தால் இங்கே போடுங்கள், அக்காவிடம் காட்டுகிறேன்.