எடை சரியாக இருந்தும் கல்லீரலில் கொழுப்பு: உங்களுக்கு எப்படி இறங்கியது?

நொய்யல்கரை:
திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். வயது 44, உயரம் 168 செ.மீ., எடை 63 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும்தான். மது பழக்கம் இல்லை. சென்ற ஆண்டுப் பரிசோதனையில் கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி 58, மூன்று மாதச் சர்க்கரை 7.4, வயிற்று ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு இரண்டாம் நிலை என்று வந்தது. "குண்டாக இருப்பவர்களுக்கு வருவதல்லவா இது?" என்று மருத்துவரிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் மேசையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்தார். தொப்புளைச் சுற்றி 92 செ.மீ. என் பேண்ட் அளவு பத்து வருடமாக மாறவில்லையே என்றேன். பெல்ட் தொப்பைக்குக் கீழே போகிறது, அது எப்படி மாறும் என்றார்.

ஒல்லியான ஆள் என்பதால் வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் தேடினார். ஹெபடைடிஸ் பி, சி, தைராய்டு பார்த்தார். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்ததுண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. பிறகு ஃபைப்ரோஸ்கேன். கொழுப்பைக் காட்டும் எண் 296, தழும்பைக் காட்டும் கல்லீரல் விறைப்பு 5.6. விறைப்பு கூடவில்லை, இது திரும்பக்கூடிய கட்டம்தான் என்றார்.

நான் மாற்றியவை இவை. மாலையில் பேக்கரியில் சர்க்கரை போட்ட சாத்துக்குடி ஜூஸும் பன்னும் சாப்பிடுவேன், அது நின்றது. மாதக் கடைசியில் இரவு பத்து மணிக்குமேல் பரோட்டா என்பது போய், எட்டு மணிக்குள் சாப்பாடு என்றானது. சோற்றை விடவில்லை. தட்டில் முதலில் பொரியலும் சுண்டலும், அல்லது முட்டையும் கீரையும்; அவை முடிந்த பிறகு ஒரு கரண்டி சோறு. இந்த வரிசை வைத்தாலே சோறு தானாகக் குறைகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் நடை. வாரம் மூன்று நாள் வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது.

ஆறு மாதம் கழித்து எடை 59.8, இடுப்பு 85, எஸ்ஜிபிடி 31, சர்க்கரை 6.3. ஃபைப்ரோஸ்கேனில் கொழுப்பு எண் 238. இறங்கியது மூன்று கிலோ சொச்சம்தான். அதற்கு இவ்வளவு மாற்றமா என்பதுதான் எனக்குப் புதிர். மற்றவர்களுக்கு எப்படி?

தஞ்சைக்காரி:
எல்லாவற்றுக்கும் எண்ணெய்தான் காரணம். எங்கள் வீட்டில் நெய், தேங்காய், முட்டை மஞ்சள்கரு மூன்றையும் நிறுத்தியவுடன் என் கணவருக்கு எண்கள் இறங்கின. கல்லீரலில் இருப்பது கொழுப்பு, அதைத் தின்பதை நிறுத்தினால் அது போய்விடும். இதில் என்ன புதிர்?

பழைய ஆய்வகம்:
அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தஞ்சைக்காரி அம்மா சொல்வது பாதி சரி. எண்ணெய் குறைந்தால் மொத்தக் கலோரி குறையும். அந்த அளவில் பலன் உண்டு. ஆனால் கல்லீரல் கொழுப்பில் ஒரு பெரும் பங்கு, அது தானே மாவுச்சத்திலிருந்தும் இனிப்பிலிருந்தும் தயாரித்துக்கொள்வது. நாம் சாப்பிடும் சோற்றின் சர்க்கரையை இன்சுலின் வழக்கமாகத் தசைக்குள் அனுப்பிவிடும். தசை இன்சுலினுக்குச் செவி சாய்க்காதபோது அந்தச் சர்க்கரை கல்லீரலுக்குத் திரும்புகிறது, அங்கே கொழுப்பாகிறது. ஜூஸில் உள்ள பழச்சர்க்கரையோ தசையைத் தேடிப் போவதே இல்லை. பெரும்பாலும் நேரே கல்லீரலுக்குத்தான். அதனால் நெய்யை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் இட்லி, சோறு, ரவை உப்புமா என்று நகர்த்தினால் பலர் ஏமாந்துபோவார்கள்.

நொய்யல்கரை தம்பியின் புதிருக்கு விடை புனேயில் இருக்கிறது. அங்கே கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டன் மருத்துவர் யூட்கின் இருவரும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். நம் தம்பியின் உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 22.3 வரும். நம் ஆட்களில் பலருக்குத் தசை குறைவு, கொழுப்பு வயிற்றுக்குள்ளே. வெளியே தெரியாது. அதனால்தான் நம்மவர்களுக்கு இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.யைத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள்.

மூன்று கிலோ ஏன் போதும் என்றால், உள்ளே சேரும் கொழுப்பு முதலில் கரையும். ஹாங்காங்கில் நடந்த ஓர் ஆய்வில், பருமன் இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்ததிலேயே கல்லீரல் கொழுப்பு விலகியது. பருமனானவர்களுக்கு அதற்கு 7 முதல் 10 சதவீதம் தேவைப்பட்டது. தம்பி இறக்கியது சரியாக 5 சதவீதம்.

வடபழனி வாசகி:
என் முதுகில் இரண்டு கொழுப்புக் கட்டிகள் இருக்கின்றன. ஜூஸை நிறுத்தினால் கரையுமா? கொலஸ்ட்ரால் மாத்திரை எடுக்கிறேன்.

நொய்யல்கரை:
அம்மா, நாங்கள் பேசுவது கல்லீரலுக்குள் சேரும் கொழுப்பு. தோலுக்கடியில் வரும் கட்டி வேறு; அதை அறுவை மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையை இங்கே படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

பழைய ஆய்வகம்:
கல்லீரலில் கொழுப்பு என்பதற்காக ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தேவையில்லை. இந்த நோயாளிகளை அதிகம் கொல்வது மாரடைப்புதான், அதைத் தடுக்கும் மாத்திரையை விடுவானேன்?

மேலூர் வாத்தியார்:
நடை, தட்டு வரிசை எல்லாம் சரி. ஆனால் நீங்கள் மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர். நான் இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை இரண்டு வேளையும் எடுத்துக்கொண்டிருந்தேன். இதுபோன்ற ஒரு பதிவைப் படித்துவிட்டு இரவுச் சோற்றை நிறுத்தினேன். விடியற்காலை மூன்று மணிக்கு சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி எழுந்தேன். குளுக்கோமீட்டரில் 54. மனைவி சர்க்கரை கரைத்துக் கொடுத்துத் தெளிந்தது. மறுநாள் மருத்துவர் இரவு மாத்திரையையே எடுத்துவிட்டார். இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றில் கைவைக்கும் முன்பே அளவைப் பேசிக்கொள்ள வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் வேறு ஆபத்து இருக்கிறதாம். ரத்தத்தில் அமிலம் ஏறுமாம்.

பழைய ஆய்வகம்:
உண்மைதான் வாத்தியாரே. அந்த மாத்திரையில் இன்னொரு சிக்கல், சர்க்கரை பெரிதாக ஏறாமலே அமிலம் ஏறிவிடும். குளுக்கோமீட்டரைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் அலட்சியம் கூடாது.

நம்மாழ்வார் தோட்டம்:
இவ்வளவு சிரமம் எதற்கு? தினம் வெறும் வயிற்றில் கீழாநெல்லிச் சாறு, கூடவே சீந்தில் தண்டுக் கஷாயம். மஞ்சள் காமாலைக்கே கேட்கிற மூலிகை இதற்குக் கேட்காதா?

பழைய ஆய்வகம்:
கீழாநெல்லி கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. சீந்திலைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. கோவிட் காலத்தில் அதைக் குடித்துக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஏற்கெனவே எஸ்ஜிபிடி ஏறியிருப்பவர் அதைக் குடித்தால், மேலும் ஏறும்போது காரணம் எது என்றே தெரியாமல் போகும். பானம் வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாத காப்பி குடியுங்கள். அதைக் குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன.

நம்மாழ்வார் தோட்டம்:
எங்கள் தாத்தா குடித்தே தொண்ணூறு வரை இருந்தார்.

பெங்களூர் மருமகள்:
என் மாமனாரின் கதை இவ்வளவு சுலபம் இல்லை. வயது 61, சர்க்கரை இருபது வருடமாக. எஸ்ஜிபிடி எப்போதும் முப்பதுக்குள்தான், அதனால் ஒருவரும் கல்லீரலைத் திரும்பிப் பார்க்கவில்லை. புது மருத்துவர் ஒருவர் வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, தட்டணுக்கள் நான்கையும் வைத்து ஒரு கணக்குப் போட்டார். 2.9 வந்தது. ஃபைப்ரோஸ்கேனில் விறைப்பு 12.4. ஒரு வருடத்தில் ஒன்பது கிலோ இறக்கினார். கொழுப்பு எண் இயல்புக்கு வந்துவிட்டது, விறைப்பு 10.8இல் நிற்கிறது. இன்னும் ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொழுப்பு போனது, தழும்பு போகவில்லை.

பழைய ஆய்வகம்:
அது ஃபிப்-4 கணக்கு. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள எல்லோருக்கும் போடலாம், தனிச் செலவே இல்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே நான்கு எண்களும் இருக்கும்.

```
(வயது × எஸ்ஜிஓடி) ÷ (தட்டணுக்கள் × √எஸ்ஜிபிடி)
```

தட்டணுக்களை ஆயிரத்தில் போட வேண்டும், 2.4 லட்சம் என்றால் 240. தம்பி, உங்கள் தாளில் எஸ்ஜிஓடி, தட்டணு எவ்வளவு?

நொய்யல்கரை:
எஸ்ஜிஓடி 41, தட்டணு 2.4 லட்சம். நான் போட்டால் 0.99 வருகிறது.

பழைய ஆய்வகம்:
1.3க்குக் கீழே, நல்லது. 2.67க்கு மேலே போனால் கல்லீரல் நிபுணரிடம் போகத்தான் வேண்டும். இடையில் நின்றால் ஃபைப்ரோஸ்கேன். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ் எல்லை 1.3 அல்ல, 2. முப்பத்தைந்துக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. மருமகள் சொன்னது முக்கியம்: எஸ்ஜிபிடி இயல்பாக இருப்பது நற்சான்றிதழ் அல்ல. சாதாரண ஸ்கேனும் அப்படித்தான். கல்லீரலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாகக் கொழுப்பு இருந்தால் அது பல நேரம் தவறவிடும். இரண்டாம் நிலை முதல் நிலையானது என்று ரிப்போர்ட் வந்தால், எடுத்தவர் மாறினாரா என்றும் பாருங்கள். பெரியவரின் தழும்பு மெதுவாக இன்னும் இறங்கலாம். இறங்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தஞ்சைக்காரி:
அப்படியானால் முட்டை மஞ்சள்கருவைத் திரும்பக் கொடுக்கலாமா? மனிதர் ஒரு வருடமாக முறைத்துக்கொண்டே சாப்பிடுகிறார்.

நொய்யல்கரை:
நான் தினம் ஒன்று மஞ்சள்கருவோடு சாப்பிட்டுத்தான் இறக்கினேன் அக்கா.

உடுமலை ஆசிரியை:
என் சந்தேகத்துக்கு யாராவது பதில் சொல்லுங்கள். எனக்கு 47 கிலோ, உயரம் 154, இடுப்பு 79. சர்க்கரை இன்னும் வரவில்லை, எல்லைக்கோட்டில் நிற்கிறது. கல்லீரல் கொழுப்பு முதல் நிலை. பி.எம்.ஐ. இருபதுக்குக் கீழே. மருத்துவர் எடையைக் குறை என்கிறார். இதற்குமேல் எங்கே குறைப்பது? பள்ளியில் இப்போதே காற்றடித்தால் பறந்துவிடுவாய் என்று கேலி செய்கிறார்கள்.

பழைய ஆய்வகம்:
உங்களைப் போன்றவர்களுக்கு எடைக் கணக்கு பொருந்துமா என்பதில் மருத்துவர்களிடையேயே ஒரே பேச்சு இல்லை. எடை இறங்காமலே உடற்பயிற்சியால் மட்டும் கல்லீரல் கொழுப்பு ஓரளவு குறையும் என்பது தெரிந்த விஷயம். நானாக இருந்தால் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, முட்டை, தயிர், மீன் வைத்து, எடை தூக்கும் பயிற்சியைத் தொடங்குவேன். தராசில் ஏறாமல் டேப்பை மட்டும் பார்ப்பேன். தைராய்டும் ஹெபடைடிஸும் பார்த்துவிட்டார்களா?

உடுமலை ஆசிரியை:
தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. ஹெபடைடிஸ் எழுதிக்கொடுக்கவில்லை. அடுத்த வாரம் கேட்கிறேன். எடை தூக்குவதென்றால் எத்தனை கிலோவில் தொடங்குவது? இங்கே பெண்களுக்கு ஜிம் இல்லை.

நொய்யல்கரை:
என் மனைவி இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் தொடங்கினாள், இப்போது ஐந்து கிலோ அரிசிப்பை. மூட்டுவலி ஏதும் இருக்கிறதா உங்களுக்கு?