கோகோ போட்டியில் ஐந்து அணிகளுக்கு ‘பை’: யார் கொடுக்கிறார்கள், எப்படிக் கொடுக்கிறார்கள்? உங்கள் அனுபவம் என்ன?

மணப்பாறை அம்மா:
குறுவட்டப் போட்டி, 14 வயதுக்குட்பட்ட மாணவியர் கோகோ. மகளின் பள்ளி காலையில் முதல் ஆட்டத்தை வென்றது. தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் காலிறுதிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எதிரணிப் பிள்ளைகள் அதுவரை வேப்பமரத்தடியில் ஒருவருக்கொருவர் தலை பின்னிக்கொண்டிருந்தவர்கள். ரிப்பனை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்தார்கள். என் மகள் சட்டை முழுக்கப் புழுதியுடன் நின்று, “இவர்கள் யாரை ஜெயித்து வந்தார்கள்?” என்று கேட்டாள். யாரையும் இல்லை. இரண்டு புள்ளியில் தோற்றோம்.

சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பிறகுதான் பார்த்தேன். மொத்தம் 11 அணிகள். 1, 6, 7, 10, 11 ஆகிய எண்களுக்கு எதிரே சிவப்பு மையில் ‘பை’, அதாவது முதல் சுற்றில் ஆடாமலேயே நேராக இரண்டாம் சுற்று. நாங்கள் 4, அவர்கள் 6. போட்டியை நடத்திய பள்ளி 11. அவர்களுக்கும் பை. கேட்டால் “அதுதான் முறை அம்மா” என்கிறார்கள். எந்த முறை?

கேரம் கண்ணன்:
பச்சையாகத் தெரிகிறதே, மோசடி. 11 ஒற்றைப்படை. ஜோடி சேர்த்தால் ஒருவர்தான் மிஞ்சுவார். அந்த ஒருவருக்குத்தான் பை. ஐந்து பேருக்கு எதற்கு? எங்கள் குடியிருப்பில் கேரம் போட்டியை நான்தான் நடத்தினேன். ஒவ்வொரு சுற்றிலும் மிஞ்சும் ஒருவர் பெயரைச் சீட்டுப் போட்டு எடுத்து, அப்படியே அடுத்த சுற்றுக்கு அனுப்பிவிடுவோம். யாரும் முணுமுணுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது தெரியாதா?

பழைய விசில்:
உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு மாவட்டப் போட்டியில் ஒரு தகப்பனார் மேடையேறி, சீட்டுகள் இருந்த தகர டப்பாவைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். எல்லாச் சீட்டிலும் ஒரே பெயர் எழுதியிருக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அவரிடம் முன்னாலேயே ஒருவர் உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

கண்ணன் சார், உங்கள் கேரம் முறையை 11 அணிக்குப் போட்டுப் பாருங்கள். முதல் சுற்றில் ஐந்து ஆட்டம், ஒரு பை, மிச்சம் ஆறு. அடுத்து மூன்று ஆட்டம்; மிச்சம் மூன்று. இப்போது இருவர் ஆட வேண்டும், மூன்றாமவர் ஆடாமலேயே இறுதிக்குப் போய்விடுவார். அரையிறுதியில் பை கொடுப்பதைவிட அநியாயம் உண்டா? அதைத் தவிர்க்கத்தான் எல்லாப் பையையும் முதல் சுற்றிலேயே தீர்த்துவிடுகிறோம். இரண்டாம் சுற்றில் எட்டு அணி இருந்தால் நான்கு, இரண்டு, ஒன்று என்று மிச்சமில்லாமல் இறங்கும். 11-க்கு மேலே அப்படி இறங்கும் எண் 16. பதினாறில் 11 போனால் 5. ஐந்து பை வந்தது அதனால்தான். முதல் சுற்றில் மூன்றே ஆட்டம். வென்ற மூவரும் பை பெற்ற ஐவரும் சேர்ந்தால் எட்டு.

இனி, யாருக்கு என்பது. முதலில் தாளை இரண்டாகப் பிரிப்போம். மேல் பாதியில் 1 முதல் 6, கீழ் பாதியில் 7 முதல் 11. முதல் பை கீழ்ப் பாதியின் கடைசிக்கு, அதாவது 11. இரண்டாவது மேல் பாதியின் தலைக்கு, 1. மூன்றாவது கீழ்ப் பாதியின் தலைக்கு, 7. நான்காவது மேல் பாதியின் கடைசிக்கு, 6. ஐந்தாவது மறுபடியும் கீழே, கடைசிக்கு முந்தைய இடமான 10. அம்மா சொன்ன ஐந்து எண்ணும் அச்சாக இவைதான். தாள் சரியாகப் போடப்பட்டிருக்கிறது.

ஆனால் தாள் சரி என்பது வேறு, எந்த எண்ணில் எந்தப் பள்ளி உட்கார்ந்தது என்பது வேறு. எண்களும் பைகளும் குறிக்கப்பட்ட பிறகுதான் சீட்டு எடுக்க வேண்டும். பெயர்களை எழுதிவிட்டுப் பிறகு பையைச் செருகினால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

ஷட்டில் அப்பா:
எங்களுக்கும் இதே கதை. மகன் இறகுப்பந்து ஒற்றையர். களத்தில் ராக்கெட்டைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறான், நடுவர் கைக்கடிகாரத்தையே பார்க்கிறார், எதிராளி வரவே இல்லை. கடைசியில் “நீ போகலாம் தம்பி, அடுத்த சுற்று” என்றார். பை கிடைத்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னேன். சான்றிதழில் மட்டும் அதை எப்படி எழுதுவது என்று இரண்டு ஆசிரியர்கள் சண்டை போட்டார்கள். ஆடாமல் ஜெயித்ததை ஜெயித்தது என்று போடலாமா?

பழைய விசில்:
அது பை இல்லை சார், வாக் ஓவர். பை என்றால் எதிரே யாருமே இல்லை என்று தாள் போடும்போதே தெரியும். அது வெற்றிக் கணக்கில் வராது. உங்கள் மகனுக்கு எதிரே ஒரு பெயர் இருந்தது, ஆள் வரவில்லை. அதனால் வெற்றி அவனுடையது. ஆள் வரவில்லை என்பதற்காகத் தாளை மாற்றி எழுதக் கூடாது, அடுத்த அணியை மேலே ஏற்றவும் கூடாது.

மீதி பூஜ்ஜியம்:
கணித ஆசிரியன். என் மகளும் கோகோதான். இரண்டு வருடம் முன்பு, போன முறை இறுதியில் மோதிய இரண்டு பள்ளிகளும் முதல் சுற்றிலேயே மோதின. ஒன்று காலை பத்து மணிக்கே பேருந்தில் ஏறிப் போய்விட்டது. அந்தப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டே போனதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

விசில் ஐயா ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அவர் அடுக்கிய 11, 1, 7, 6 என்ற வரிசை சும்மா வந்ததில்லை. முந்தைய ஆண்டின் முதல் இரண்டு அணிகளைத் தாளின் இரு முனையில், 1-இலும் 11-இலும், உட்கார வைத்தால் இறுதிக்கு முன் அவை சந்திக்கவே முடியாது. அரையிறுதி வரை வந்த மற்ற இரண்டை 6-இலும் 7-இலும் வைத்தால் நான்கும் நான்கு கால் பகுதியில் பிரிந்துவிடும். இதுதான் சீடிங். பை விழும் முதல் நான்கு இடங்களும் சீடிங் இடங்களும் ஒன்றே. ஆக, நன்றாக ஆடிய பள்ளிக்கே ஓய்வும் கிடைக்கிறது. இருப்பவனுக்கே கொடுக்கும் இந்த ஏற்பாட்டை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சீடிங்கே இல்லாமல் வெறும் சீட்டில் விட்டால் என்ன ஆகும்? எட்டு அணிகளில் இரண்டாவது பலமான அணி முதல் அணியின் பாதியிலேயே விழ ஏழில் மூன்று வாய்ப்பு. அது விழுந்தால் இரண்டாம் பரிசு வேறு யாருக்கோ போய்விடும்.

அம்மாவின் வேதனை உண்மையில் பையால் வந்ததும் இல்லை, ஆட்ட நேரம் போட்டவரால் வந்தது. 10-உம் 11-உம் பை வாங்கியவை, காலிறுதியில் ஒன்றோடொன்று மோத வேண்டியவை. இரண்டுமே களைக்காதவை. முதல் சுற்று முடிந்ததும் அந்த ஆட்டத்தை முதலில் வைத்திருந்தால், காலையில் ஆடிய பிள்ளைகளுக்கு ஒரு முழு ஆட்ட நேரம் மூச்சு வாங்கக் கிடைத்திருக்கும். இதற்கு எந்த விதியையும் மாற்ற வேண்டியதில்லை.

பழைய விசில்:
ஐந்தாவது பையையும் கவனியுங்கள் ஆசிரியரே. 10 சீடிங் இடம் இல்லை. அங்கே வருபவருக்குச் சுத்த அதிர்ஷ்டம், ஆனால் அடுத்த ஆட்டமே 11-உடன். போன ஆண்டின் பலசாலி அங்கே காத்திருக்கிறான். அது வரமா தண்டனையா என்று நானே என் மாணவர்களிடம் கேட்பதுண்டு.

நேர விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒரே களம், ஒரே விசில், மதியச் சாப்பாட்டுக்குள் காலிறுதியை முடிக்க வேண்டும் என்றால், தயாராக நிற்கும் அணிகளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த இடத்தில் நின்று பார்த்தால் புரியும்.

மீதி பூஜ்ஜியம்:
தயாராக நின்றவை 10-உம் 11-உம்தானே ஐயா?

சாப்பாட்டு மூட்டை:
என் மகன் கபடி. போன மாதம் பசியோடு ஆடித் தோற்றான். அவ்வளவுதான் கதை. ஆனால் எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன். காலையில் பூரி, வடை கொடுக்காதீர்கள், வயிற்றில் கல்லாக உட்கார்ந்துவிடும். இரண்டு இட்லி, முடிந்தால் ஒரு வாழைப்பழம். ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் குளிர்ந்த பாட்டில் பானம் வேண்டாம். மோரில் உப்புப் போட்டு ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்துப் போங்கள். பேரீச்சம்பழம் நான்கு சட்டைப் பையில் இருக்கட்டும். பை கிடைத்த அணியின் பெற்றோருக்குத்தான் இது இன்னும் முக்கியம். ஆட்டம் இல்லை என்று பிள்ளைகள் காலை முழுவதும் எலுமிச்சை சாதத்தை வெட்டிவிட்டு, பதினோரு மணிக்கு ஓட முடியாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாற்றுச் சட்டை, துண்டு, குடை. வெறுங்காலில் ஆடும் ஆட்டம் என்றால் பிளாஸ்திரி. மைதானத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று போனவுடன் பார்த்துவிடுங்கள், பெண் பிள்ளைகள் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லை.

கேரம் கண்ணன்:
கேள்வி என்ன, இவர் மோர் சொல்கிறார். சரி, 5 பை கணக்கு புரிந்தது. நடத்துகிற பள்ளி 11-இல் உட்கார்ந்ததற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

மணப்பாறை அம்மா:
அனைவருக்கும் நன்றி. விசாரித்தேன். 1-இலும் 7-இலும் இருந்த பள்ளிகள் போன ஆண்டு அரையிறுதிக்கு வந்தவை. 6, அதாவது எங்களை வென்ற பள்ளி, இந்த ஆண்டுதான் முதன்முதலாகக் கலந்துகொள்கிறது. 11, போன ஆண்டு காலிறுதியிலேயே தோற்ற அணி. கேட்டால் “எல்லாமே சீட்டுதான், சீடிங் கிடையாது” என்கிறார்கள். அப்படியென்றால் 1-உம் 7-உம் தற்செயலா?

பழைய விசில்:
தற்செயலாகவும் அமையலாம் அம்மா. 11 அணிகளில் நான்கு பழைய அரையிறுதி அணிகள் இருந்தால், இரண்டு நல்ல இடத்தில் விழுவது அதிசயம் இல்லை. ஆனால் சீடிங் என்றால் நான்கையும் வைக்க வேண்டும், சீட்டு என்றால் யாரையும் வைக்கக் கூடாது. பாதி அதுவும் பாதி இதுவுமாக இருந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சீட்டு எடுத்தபோது உங்கள் பள்ளி ஆசிரியர் அங்கே இருந்தாரா? எங்கள் காலத்தில் அணிப் பொறுப்பாளர்களை வைத்துக்கொண்டுதான் எடுப்போம், தாளின் அடியில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கையெழுத்துகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

மணப்பாறை அம்மா:
எங்கள் ஆசிரியர் அன்று வேறு மைதானத்தில் வாலிபால் அணியுடன் இருந்திருக்கிறார். அவர் சார்பாக யார் சீட்டு எடுத்தார்கள் என்று திங்கட்கிழமை கேட்கிறேன்.

ஷட்டில் அப்பா:
அடுத்த வாரம் எங்கள் பள்ளியில் 13 அணிகள். ஒற்றைப்படைதான், ஆனால் பை மூன்று, இல்லையா?

பழைய விசில்:
மூன்றுதான். மேல் பாதியில் 7 அணி, கீழே 6. பை 13-க்கு, 1-க்கு, 8-க்கு. சீட்டு எடுக்கும்போது போய் நில்லுங்கள்.