கம்பா நம்பர் என்ன என்று கேட்டார்கள்

தாராவிக்காரன்:
மும்பையில் ராத்திரி ஒன்பது மணி, கல்யாண் ஸ்லோ லோக்கல். சயன் தாண்டியதும் வாசலில் தொங்கிக்கொண்டு வந்த பையன் விழுந்துவிட்டான். உடனே ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் போட்டேன். "சயனுக்கும் குர்லாவுக்கும் நடுவில்" என்றேன். "கம்பா நம்பர்?" என்றார் அந்தம்மா, அதாவது பக்கத்துக் கம்பத்தின் எண். நான் பார்த்தது நீலத் தார்ப்பாய் போட்ட கூரை ஒன்றைத்தான். அதைச் சொன்னேன். அந்தப் பக்கம் எல்லாக் கூரையிலும் நீலத் தார்ப்பாய்தான்! அதற்குள் வண்டி குர்லாவில் நின்றுவிட்டது. பையன் என்ன ஆனான், தெரியாது. மறுநாள் பகலில் பார்த்தால் ஒவ்வொரு மின்கம்பத்திலும் மேலே 14, கீழே ஒரு எண். பன்னிரண்டு வருஷமாக அந்த வழியில்தான் போகிறேன்.

முலுண்ட் மணி:
சுலபம்தான். மும்பை சிஎஸ்எம்டி ஸ்டேஷனிலிருந்து கணக்கு. 14/6 என்றால் 14 கிலோமீட்டர் 600 மீட்டர்.

ரிட்டயர்டு லைன்மேன்:
முதல் பாதி சரி தம்பி. 600 மீட்டர்தான் தப்பு. 6 என்பது கம்பத்தின் வரிசை. இரட்டைப் பாதையில் ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. அப்படிப் பார்த்தால் 14/6 அந்தப் பக்கத்தில் மூன்றாவது கம்பம். நேர்ப்பாதையில் இரண்டு கம்பத்துக்கு நடுவே அதிகபட்சம் 72 மீட்டர், வளைவில் இன்னும் நெருக்கி நடுவோம். ஆக, மிஞ்சிப்போனால் இருநூறு மீட்டர் சொச்சம்தான். நீங்கள் சொன்ன கணக்கில் போனால் நானூறு மீட்டர் தள்ளி நின்று தேடுவீர்கள். அதனால்தான் நாங்கள் மீட்டரே பேசுவதில்லை. "14/4, 14/6 நடுவில், டவுன் ஸ்லோ" என்போம். எந்த லைன் என்பதை விட்டால் ஆள் அடுத்த தண்டவாளத்தில் தேடிக்கொண்டிருப்பான்.

முலுண்ட் மணி:
என் மாமா கேங்மேன். அவர் 600 மீட்டர் என்றுதான் சொல்லுவார்.

ரிட்டயர்டு லைன்மேன்:
அவர் பாதையில் கரண்ட் கம்பி இருந்ததா? இல்லையென்றால் அவர் சொல்வது இந்தக் கம்பத்து எண்ணே இல்லை.

டோம்பிவிலி அக்கா:
ரயில்வே கேட் நம்பரும் இப்படித்தான் காலை வாரும். திண்டிவனம் பக்கம் ஊருக்குப் போயிருந்தபோது கேட்டில் ஒரு டிராக்டர் நின்றுவிட்டது. கேட்கீப்பர் சிவப்புக் கொடியோடு ஓடிவிட்டார். எங்க அண்ணன் சும்மா இருப்பானா? அவனும் போன் போட்டு "12-ஆம் நம்பர் கேட்" என்றான். "எந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவில்?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் தனி வரிசையாம், 12 என்று வேறு இடத்திலும் இருக்குமாம். கேட் ரூம் சுவரில் கிலோமீட்டரும் எழுதியிருந்தது. படித்தது என் பொண்ணு.

செம்பூர் ராமன்:
வாசலில் தொங்குவதே தப்பு. ஒரு வண்டி விட்டால் அடுத்தது வரும். பையை முன்னால் மாட்டுங்கள், நடுவில் உள்ளே தள்ளி நில்லுங்கள், இறங்குவதற்கு ரெண்டு ஸ்டேஷன் முன்னாடி நகர ஆரம்பியுங்கள், போனைக் கையில் வைக்காதீர்கள், காதில் ஒயர் மாட்டாதீர்கள். என் மகனுக்குப் பத்து வருஷமாகச் சொல்கிறேன்.

தாராவிக்காரன்:
சார், தொங்கியது நான் இல்லை.
லைன்மேன் ஐயா, ஓடும் வண்டியிலிருந்து எப்படிப் படிப்பது?

ரிட்டயர்டு லைன்மேன்:
அறுபது வேகத்தில் நாலு வினாடிக்கு ஒரு கம்பம் வரும். விழுந்ததும் எதிரே வருகிற முதல் எண்ணைப் பிடியுங்கள். அங்கிருந்து பின்னோக்கித் தேடச் சொல்லலாம்.

தாராவிக்காரன்:
நேற்று ராத்திரி அதே வண்டியில் முயன்று பார்த்தேன் ஐயா. குர்லா வரை இருட்டில் ஒரு எண்ணும் கண்ணில் படவில்லை.